உள்ளூர் ஆன்லைன் சந்தை: கமிஷன் எவ்வளவு, விற்பவருக்கு என்ன விதி?

ஒரு ஊருக்குள் வீட்டிலேயே முறுக்கு, வடகம், ஊறுகாய், மிளகாய்ப்பொடி செய்து விற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வாங்க ஆசைப்படுபவர்களும் அதே ஊரில் இருப்பார்கள். இவர்களை ஒரு ஆப்பிலோ இணையதளத்திலோ சேர்த்துவைத்து, ஆர்டர் எடுத்து, பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதுதான் உள்ளூர்ச் சந்தை. இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "கமிஷன் எத்தனை சதவீதம் வைக்கலாம்?" என்பது. பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள் என்ன வாங்குகின்றன என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்துவிடுவார்கள். அந்த எண்ணுக்கும் அவர்கள் ஊர் முறுக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

கமிஷனுக்கு மேலே ஒரு எல்லை உண்டு, கீழே ஒரு எல்லை உண்டு. மேல் எல்லையை விற்பவரின் கணக்கு முடிவு செய்கிறது. கீழ் எல்லையை உங்கள் சொந்தச் செலவு முடிவு செய்கிறது. இரண்டையும் ஒரே ஒரு பாக்கெட்டை வைத்துப் போட்டுப் பார்த்துவிட முடியும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை இரண்டுக்குள் மட்டும் இயங்கும் ஒரு தின்பண்டச் சந்தையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இதில் வரும் ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பாக்கெட் முறுக்கின் கணக்கு

ஒரு அக்கா அரைக் கிலோ முறுக்கை 200 ரூபாய்க்கு விற்கிறார். மாவு, எண்ணெய், கேஸ், பை, ஒத்தாசைக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாம் சேர்த்து 130 ரூபாய் ஆகிறது. மீதி 70 ரூபாய். அவருடைய உழைப்பும் லாபமும் அந்த எழுபதுக்குள்தான்.

இப்போது அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. தெருக்காரர்களும் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களும் நேராக வாங்கினால் 70 ரூபாயும் அவருக்கே. ஆனால் அந்த வட்டம் சின்னது, அதற்கு மேல் வளராது. இன்னொரு வழி, பக்கத்துக் கடையில் போடுவது. கடைக்காரர் பாக்கெட்டை 155 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். அக்காவுக்கு மிஞ்சுவது 25 ரூபாய். அதுவும் விற்ற பிறகுதான் பணம், விற்காதது திரும்பி வரும்.

உங்கள் சந்தை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்கார வேண்டும். 20 சதவீதக் கமிஷன் என்றால் 40 ரூபாய். அதோடு முடியவில்லை. நீங்கள் வாங்கும் கமிஷன் ஒரு சேவைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது 7 ரூபாய் 20 காசு. ஆக 47 ரூபாய் 20 காசு போய், அக்காவுக்கு மிஞ்சுவது 22 ரூபாய் 80 காசு. கடையில் போட்டால் கிடைப்பதைவிடக் குறைவு. அவர் உங்களிடம் வரமாட்டார், வந்தாலும் நிற்கமாட்டார்.

15 சதவீதம் வைத்தால் 34 ரூபாய் 60 காசு மிஞ்சும். 12 சதவீதம் வைத்தால் 41 ரூபாய் 68 காசு. 10 சதவீதம் என்றால் 46 ரூபாய் 40 காசு. கடையில் கிடைக்கும் 25 ரூபாயோடு ஒப்பிட்டுச் சொல்லும்போது இந்த எண்கள் அவருக்கு உடனே புரியும். "பத்து சதவீதம்தான் அக்கா" என்று சொல்வதைவிட, "கடையில 25 நிக்குது, இங்க 46 நிக்கும்" என்று சொல்வது நூறு மடங்கு நேர்மையான பேச்சு.

ஜிஎஸ்டி விஷயத்தை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதிவு பெற்ற பெரிய வியாபாரி அந்த 18 சதவீதத்தைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். வீட்டில் செய்து விற்கும் அக்காவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்காது, அதனால் கழிக்கவும் முடியாது. நீங்கள் 10 என்று சொன்னால் அவருக்கு அது 11.8. முதல் வாரப் பணம் வந்ததும், "தம்பி, பத்து சதவீதம்னா 180 ரூவா வரணும்லா, 176 தான வந்துருக்கு?" என்று போன் வரும். 3 ரூபாய் 60 காசுக்கான கேள்வி என்று நினைக்காதீர்கள். உங்கள் பேச்சை நம்பலாமா என்பதுதான் அந்தக் கேள்வி. சேர்க்கும்போதே, எல்லாம் கழித்துக் கையில் வரும் தொகையைச் சொல்லுங்கள்.

கீழ் எல்லை: ஒரு ஆர்டருக்கு உங்களுக்கு என்ன செலவு?

சராசரி ஆர்டர் 400 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுத்தால் 9 ரூபாய் 44 காசு. டெலிவரி செய்பவருக்கு ஒரு நடைக்கு 45 ரூபாய் கொடுக்கிறீர்கள், வாங்குபவரிடம் 30 ரூபாய்தான் வாங்குகிறீர்கள். துண்டு 15 ரூபாய். நூறு ஆர்டரில் மூன்றில் தகராறு வரும் என்று வையுங்கள். ஒன்று விற்பவர் தவறு, அதை அவர் ஏற்கிறார். இரண்டு வழியில் நொறுங்கியதோ தாமதமானதோ, அதை நீங்கள் ஏற்கிறீர்கள். அந்த இரண்டு ஆர்டருக்கும் திருப்பிக் கொடுக்கும் ரீஃபண்ட் 800 ரூபாயை நூறு ஆர்டருக்குப் பகிர்ந்தால் ஆர்டருக்கு 8 ரூபாய். குறுஞ்செய்தி, போன் செலவு 3 ரூபாய். மொத்தம் 35 ரூபாய் 44 காசு.

10 சதவீதக் கமிஷனில் 40 ரூபாய் வருகிறது. மிஞ்சுவது நாலரை ரூபாய். 12 சதவீதம் என்றால் 48 வரும், பன்னிரண்டரை ரூபாய் மிஞ்சும். இந்த இடத்தில்தான் 10-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அக்காவுக்கு ஒரு பாக்கெட்டில் 5 ரூபாய்கூட வித்தியாசமில்லை. உங்களுக்கோ கையில் நிற்பது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. இந்த உதாரணத்தில் 12 என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஆனால் சராசரி ஏமாற்றும். ஒரே ஒரு பாக்கெட் வாங்கும் 200 ரூபாய் ஆர்டரைப் பாருங்கள். கமிஷன் 24 ரூபாய். கேட்வே 4.72, டெலிவரித் துண்டு 15, ரீஃபண்ட் பங்கு 4, செய்திச் செலவு 3. மொத்தம் 26.72. ஒவ்வொரு சின்ன ஆர்டருக்கும் கையிலிருந்து இரண்டே முக்கால் ரூபாய் போகிறது. புதிய சந்தையில் முதலில் வரும் ஆர்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். யாரும் தெரியாத இடத்தில் முதல் தடவையே ஆயிரம் ரூபாய்க்கு வாங்கமாட்டார்கள்.

இதைச் சரிக்கட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, விற்பவரிடம் சதவீதத்தோடு ஆர்டருக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்கலாம் என்பது. அது வேண்டாம். 50 ரூபாய் அப்பளக் கட்டு விற்பவருக்கு அந்தப் பத்து ரூபாயே ஐந்தில் ஒரு பங்கு. சின்னப் பொருள் விற்பவர்கள் முதலில் வெளியேறுவார்கள், அப்புறம் சந்தையில் பார்க்கவே பொருள் இருக்காது. நிலையான செலவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதை வசூலிக்க வேண்டும். அது பிறப்பது டெலிவரியில். ஆகவே 300 ரூபாய்க்குக் கீழே வாங்குபவரிடம் டெலிவரிக்கு முழு 45 ரூபாயையும் வாங்குங்கள். 300-க்கு மேல் 30 ரூபாய். அப்படி மாற்றினால் அதே 200 ரூபாய் ஆர்டரில் 12 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். இன்னொரு பாக்கெட் சேர்த்தால் டெலிவரி குறையும் என்று தெரிந்தால் வாங்குபவரும் சேர்த்து எடுப்பார்.

இலவச டெலிவரி எங்கே தொடங்கலாம்? 600 ரூபாய் என்பது காதுக்கு நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் கமிஷன் 72, கேட்வே 14.16, டெலிவரி 45, ரீஃபண்ட் பங்கு 12, செய்தி 3. செலவு 74.16. நஷ்டம். 800 ரூபாய்க்குப் போட்டால் கமிஷன் 96, செலவு 82.88. அங்கே 13 ரூபாய் நிற்கிறது. விளம்பரப் பலகையில் எழுதும் முன் இந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே போதும்.

ஆரம்பத்தில் கமிஷனே வேண்டாமா?

இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்ற சிக்கலுக்கு இலவசம்தான் மருந்து என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. சீனாவில் அமெரிக்க ஆன்லைன் சந்தையான ஈபே, ஈச்நெட் என்ற உள்ளூர் நிறுவனத்தை வாங்கி, பொருளைப் பட்டியலிடவே விற்பவரிடம் கட்டணம் வாங்கியது. 2003-இல் அலிபாபா தொடங்கிய தாவோபாவ் என்ற சந்தை விற்பவருக்கு எல்லாமே இலவசம் என்றது. விற்பவர்கள் அங்கே போனார்கள், அவர்களைத் தேடி வாங்குபவர்களும் போனார்கள். 2006 கடைசியில் ஈபே அங்கே தன் தளத்தை உள்ளூர்க் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விற்பதற்கு முன்னால் பணம் கேட்காதே என்பதுதான். பட்டியலிடக் கட்டணம், சேரக் கட்டணம், மாதச் சந்தா எதுவும் முதல் வருடத்தில் வேண்டாம். ஆர்டர் வராத வரைக்கும் விற்பவருக்கு ஒரு பைசா செலவில்லை என்றால் அவர் காத்திருப்பார். பெங்களூரில் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ பிடிக்கும் ஆப், ஆட்டோ ஓட்டுநர்களிடம் கமிஷனுக்குப் பதிலாக ஒரு நாளுக்கு 25 ரூபாய் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆட்டோவுக்கு அது பொருந்தும், ஏனென்றால் தினமும் சவாரி உண்டு. தீபாவளிக்கு மலைபோல் விற்று, சித்திரையில் ஓய்ந்துபோகும் முறுக்குக்குத் தினக்கட்டணம் பொருந்தாது.

ஆனால் விற்ற பிறகும் ஒன்றும் வாங்காமல் இருப்பது தாவோபாவ் போலப் பின்னால் பெரும் பணம் இருந்தால் மட்டும் முடியும். உள்ளூர்ச் சந்தைக்கு அது இருக்காது. ஆறு மாதம் இலவசமாக ஓட்டிவிட்டு ஏழாம் மாதம் 12 சதவீதம் என்றால், விற்பவர் கண்ணுக்கு அது திடீர்ப் பிடுங்கலாகத்தான் படும். கைவினைப் பொருள்களுக்கான ஆன்லைன் சந்தையான எட்சி 2022 ஏப்ரலில் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியபோது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். ஒன்றரைப் புள்ளிதான் ஏறியது. பழகிய எண்ணை மாற்றுவது அவ்வளவு கடினம்.

எனக்குச் சரி என்று படுவது வேறொரு வழி. சலுகையைத் தேதியால் அளக்காமல் ஆர்டரால் அளவிடுங்கள். ஒவ்வொரு விற்பனையாளருக்கும் முதல் 20 ஆர்டருக்குக் கமிஷன் இல்லை, இருபத்தொன்றிலிருந்து 12 சதவீதம். முதல் மாதத்தில் ஆளே வராவிட்டாலும் அவருடைய சலுகை வீணாகாது. அடுத்த வருடம் சேர்பவருக்கும் அதே விதி. 12 என்ற எண் முதல் நாளிலிருந்தே அவர் கண்ணில் இருக்கும். ஒவ்வொரு பணச்சீட்டிலும் "கமிஷன் 24 ரூபாய், இந்த ஆர்டருக்குத் தள்ளுபடி" என்று எழுதி அனுப்புங்கள். பின்னால் 24 ரூபாய் பிடிக்கும்போது அது புதிய செய்தியாக இருக்காது.

யார் கூட்டி வந்த வாடிக்கையாளர்?

இனி, பெரும்பாலும் யோசிக்காமல் விடப்படும் விஷயத்துக்கு வருகிறேன். என் பார்வையில் கமிஷனில் இதைவிட முக்கியமான முடிவு இல்லை.

அக்காவிடம் ஏற்கெனவே நாற்பது ஐம்பது பேர் வாங்குகிறார்கள். அவர்களைச் சந்தைக்குள் அழைத்து வந்தால், இதுவரை 70 ரூபாய் நின்ற இடத்தில் இனி 41 ரூபாய்தான் நிற்கும். அவர் ஏன் அழைத்து வரவேண்டும்? வரமாட்டார். புதிதாக நீங்கள் பிடித்துக் கொடுக்கும் ஆளை மட்டும் சந்தை வழியாக விற்பார், பழைய ஆட்களை வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படி இருபது விற்பனையாளர்கள் செய்தால், ஊரில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் ஒருவர்கூட உங்கள் சந்தையில் இருக்கமாட்டார். எல்லா வாடிக்கையாளரையும் நீங்களே விளம்பரத்துக்குச் செலவழித்துப் பிடிக்க வேண்டும்.

அதனால் இரண்டு கமிஷன் வையுங்கள். சந்தை பிடித்துக் கொடுத்த வாடிக்கையாளருக்கு 12. விற்பவர் தன் சொந்த இணைப்பை அனுப்பிக் கூட்டி வந்தவருக்கு 5. ஆன்லைன் பாடங்களை விற்கும் யுடெமி இதைப் பல காலமாகச் செய்கிறது. ஆசிரியர் தன் கூப்பனை அனுப்பி ஒரு பாடத்தை விற்றால் 97 சதவீதம் அவருக்கே போகிறது. யுடெமி தானாகத் தேடிக் கொண்டுவந்த மாணவர் என்றால் 37 சதவீதம்தான் ஆசிரியருக்கு. யார் உழைத்தார்களோ அவர்களுக்குப் பெரிய பங்கு என்பதே அங்கே கணக்கு.

5 சதவீதத்தில் அக்காவுக்கு ஒரு பாக்கெட்டுக்கு 58 ரூபாய் 20 காசு நிற்கும். நேராக விற்றால் 70. அந்தப் பன்னிரண்டு ரூபாய்க்கு அவருக்கு ஆர்டர் எழுதும் வேலை மிச்சம், "அண்ணே, பணம் போட்டீங்களா?" என்று பாக்கி கேட்டு அலையும் வேலை மிச்சம், பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் மிச்சம். பலர் ஒத்துக்கொள்வார்கள். உங்களுக்கோ 400 ரூபாய் ஆர்டரில் 20 ரூபாய் வருகிறது. இந்த ஆர்டர்களுக்கு டெலிவரிக் கட்டணத்தை முழுதாக வாங்குபவரே கொடுக்கிறார் என்று வைத்தால், கேட்வே, ரீஃபண்ட் பங்கு, செய்திச் செலவு எல்லாம் சேர்ந்து 20 ரூபாய் 44 காசு. லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் ஊறுகாய் வாங்க வந்தவர் வடகத்தையும் பார்ப்பார், அடுத்த மாதம் இன்னொருவரிடம் மிளகாய்ப்பொடி வாங்குவார். அந்த விற்பனைக்கு 12. சந்தை பிழைப்பது அந்த இரண்டாவது விற்பனையில்தான்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். நீங்கள் பிடித்துக் கொடுத்த வாடிக்கையாளருக்கும் விற்பவர் தன் இணைப்பை அனுப்பி, "அடுத்த தடவை இதுல வாங்குங்க" என்பார். ஆகவே அந்தப் போன் எண் சந்தைக்குப் புதிதாக இருந்தால் மட்டுமே 5 சதவீதம் பொருந்தும் என்று எழுதுங்கள். அந்த வாடிக்கையாளர் அந்த விற்பனையாளரிடம் வாங்கும் வரைக்கும் ஒரு வருடத்துக்கு 5, வேறு யாரிடம் வாங்கினாலும் 12. இவ்வளவுதான் விதி. இதற்கு மேல் சிக்கலாக்கினால் உங்களுக்கே சரிபார்க்க முடியாது.

உள்ளே யாரை விடுவது

விதிகளில் முதலாவது, யார் விற்கலாம் என்பது. தமிழ்நாட்டில் இதற்கு நம் கண்முன்னே ஒரு மாதிரி இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையே கொடுத்தது. ஆனால் விளைவிப்பவர் மட்டும்தான் விற்கலாம். நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் விசாரித்து அடையாள அட்டை கொடுத்தார்கள். காசு விஷயத்தில் தாராளமாகவும் யார் உள்ளே வரலாம் என்பதில் கண்டிப்பாகவும் இருந்த சந்தை அது. உள்ளூர் ஆன்லைன் சந்தைக்கும் இந்த வரிசைதான் பொருந்தும்.

வீட்டுத் தின்பண்டச் சந்தை என்று பெயர் வைத்துவிட்டு, மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கிப் பாக்கெட் போடுபவரை உள்ளே விட்டால், வீட்டில் செய்பவரால் அவர் விலைக்கு நிற்க முடியாது. மூன்றே மாதத்தில் நல்லவர்கள் போய்விடுவார்கள். சேர்க்கும் முன் சமையல் நடக்கும் இடத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண் இருக்க வேண்டும், பாக்கெட்டில் அது அச்சாகியிருக்க வேண்டும். எடை, விலை, தயாரித்த தேதி, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவையும் பாக்கெட்டில் வேண்டும். வீட்டு முகவரி வெளியே தெரிவதற்குப் பல பெண்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுத்து, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரை ஆன்லைனில் விற்கவிடலாமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு வரம்புக்குள் இருக்கும் சின்ன விற்பனையாளர்கள் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பதாக இருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டு விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அவர்கள் விற்க உங்கள் தளம் இடம் கொடுக்கக் கூடாது. சந்தை நடத்தும் உங்களுக்கோ எவ்வளவு சின்ன வியாபாரமானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். சமைத்த சாப்பாட்டை விற்றால் வரிக் கணக்கு வேறு மாதிரி, அதைத் தின்பண்டத்தோடு கலக்காதீர்கள். இந்த இடத்தில் ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது நல்லது.

எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். தொடக்கத்தில் பதினைந்து முறுக்குக்காரர்களைச் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஒரு ஆர்டர்கூட வராது. மூன்று பேர் போதும். ஒருவர் சனிக்கிழமை மாவு அரைக்காவிட்டாலும் இன்னொருவர் இருப்பார், மூவருக்கும் வியாபாரம் ஓடும். ஒரு மாதத்தில் ஒரு ஆர்டர்கூடப் பார்க்காத விற்பனையாளர்கள் பாதிக்கு மேல் இருந்தால், அளவுக்கு மீறிச் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வாங்குபவர்கள் தேடிக் கிடைக்காத பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனால், சேர்த்தது போதவில்லை. இந்த இரண்டு பட்டியலையும் வாரம் ஒருமுறை பார்த்தால் அடுத்து யாரைச் சேர்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

சரக்கு, தாமதம், ரீஃபண்ட்

வாங்குபவர் ஒரு தடவை ஏமாந்தால் திரும்ப வரமாட்டார், அவருக்குத் தெருமுனைக் கடை இருக்கிறது. அவரை அதிகம் ஏமாற்றுவது மோசமான பொருள் அல்ல, இல்லாத பொருள். ஆர்டர் போட்டு, பணம் கட்டி, நாலு மணி நேரம் கழித்து "சரக்கு இல்லை" என்று பதில் வருவதுதான். ஆகவே விதி இப்படி இருக்கட்டும்: ஆர்டர் வந்து இரண்டு மணி நேரத்துக்குள் விற்பவர் ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும், அந்தப் பொருள் பட்டியலிலிருந்து மறையும். அவரே மறுபடி தொட்டால்தான் தெரியும். அபராதம் வேண்டாம். வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு துக்கம் என்றால் அடுப்பு மூட்ட முடியாது. பொருள் தானாக மறைவதே போதுமான கண்டிப்பு.

பத்து ஆர்டரில் இரண்டை ஒருவர் ஏற்காமல் விட்டால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் காரணம் அலட்சியமாக இருக்காது. தினமும் புதிதாகச் செய்யும் பொருளை எப்போதும் கையிருப்பு உள்ளதுபோலப் பட்டியலிட்டிருப்பார். "செவ்வாய், வெள்ளி மட்டும்" என்று மாற்றிக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

ரீஃபண்ட் விதியில், யார் தவறுக்கு யார் பணம் என்பதைப் பொருளுக்கேற்ப எழுதுங்கள். காறல் வாசனை, எடைக் குறைவு, தவறான பொருள் இவை விற்பவர் பொறுப்பு. நொறுங்கல், தாமதம் சந்தையின் பொறுப்பு. நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு. மெல்லிய பையில் போட்ட முறுக்கு நொறுங்கினால் யார் தவறு? பொட்டலத்தை எடுக்கும்போதே டெலிவரி செய்பவர் ஒரு படம் எடுத்துவிட்டால் பாதி வழக்கு தீரும். அட்டைப்பெட்டி கட்டாயம் என்று விதி வைப்பதாக இருந்தால், அந்தப் பெட்டியைச் சந்தையே மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்க வேண்டும். புகார்களைப் பொறுத்தவரை 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு பதில் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பணம் எப்போது கைக்கு வரும்

சின்ன விற்பனையாளர் கமிஷனைவிட அதிகம் கவலைப்படுவது இதைத்தான். வாரா வாரம் எண்ணெயும் மாவும் வாங்க வேண்டியவருக்கு, 12 சதவீதம் எடுத்துக்கொண்டு ஐந்து நாளில் பணம் தரும் சந்தை, 8 சதவீதம் எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை தருவதைவிட மேல். பொருள் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் புகார் வரக் காத்திருந்து, அப்புறம் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் போட்டுவிடுங்கள். சரக்கு வாங்கும் நாளுக்கு முந்தைய நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

விற்பவருக்குச் சேர வேண்டிய பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பிரித்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது ரிசர்வ் வங்கியின் பேமென்ட் அக்ரிகேட்டர் விதிகளுக்குள் வரும் வேலை, அதற்குத் தனி அனுமதி தேவை. அனுமதி பெற்ற நிறுவனங்கள், வந்த பணத்தை உடனே பிரித்துக் கமிஷனை உங்களுக்கும் மீதியை விற்பவருக்கும் அனுப்பும் வசதியைத் தருகின்றன. ரேசர்பேயில் அதற்கு Route என்று பெயர். அதைப் பயன்படுத்தினால், உங்கள் செலவு நெருக்கடியில் விற்பவர் பணத்தைத் தொட்டுவிடும் ஆபத்தும் இல்லாமல் போகிறது. உள்ளூர்ச் சந்தை ஒன்று மூடும்போது அதிகம் அடிபடுவது அந்தக் கடைசி மாதப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள்தான்.

வெளியே நடக்கும் வியாபாரம்

பொட்டலத்துக்குள் போன் எண் எழுதிய சீட்டு வைத்து, "அடுத்த தடவை நேரா கூப்பிடுங்க" என்று சொல்வது எல்லாச் சந்தையிலும் நடக்கும். தடை என்று எழுதலாம், ஆனால் பாக்கெட்டிலேயே முகவரி அச்சடித்திருக்கும் பொருளில் அதைக் காவல் காக்க முடியாது. அளவை மட்டும் கவனியுங்கள். ஒரு விற்பனையாளருக்குப் புதிய வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்கள் வேறு விற்பவர்களிடம் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள், ஆனால் இவரிடம் மட்டும் இரண்டாவது ஆர்டர் வருவதே இல்லை என்றால் விஷயம் தெரிந்துவிடும். அப்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, திரும்ப வாங்குபவருக்கும் 12 சதவீதம் நியாயமா என்பது. மூன்றாவது ஆர்டரிலிருந்து அதே வாடிக்கையாளருக்கு 8 என்று இறக்கினால், சீட்டு வைப்பதில் கிடைக்கும் லாபம் சுருங்கிவிடும். 8 சதவீதத்தில் 400 ரூபாய் ஆர்டருக்கு 32 ரூபாய்தான் வரும், செலவு 35-க்கு மேல். அந்த ஆர்டர்களிலும் டெலிவரிக் கட்டணம் முழுதாக வாங்குபவரிடம் இருந்தால்தான் கட்டும். அதைச் சேர்த்தே முடிவெடுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கமிஷனைச் சேர்த்து 200 ரூபாய் பாக்கெட்டைச் சந்தையில் 225 என்று போடுபவர்கள் இருப்பார்கள். வெளியே விற்கும் விலையில்தான் இங்கேயும் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை நான் விரும்பவில்லை, அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. அவர் ஏன் ஏற்றுகிறார் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். 130 ரூபாய் அடக்கம் என்பது அவருக்கு 150 ஆக இருந்தால், 12 சதவீதம் அவரால் தாங்க முடியாத எண். அப்படிப் பத்தில் நாலு பேர் ஏற்றினால், உங்கள் மேல் எல்லையைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள்.

இந்த விதிகள் எல்லாம் தமிழில், ஒரே பக்கத்தில், கையில் வரும் தொகைக்கு ஒரு உதாரணத்தோடு அச்சடித்து, சேரும் நாளில் விற்பவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். கடைசி வரியில், கமிஷனோ விதியோ மாறினால் 30 நாள் முன்பே தெரிவிப்போம், மாறும் தேதிக்கு முன் வந்த ஆர்டர்களுக்குப் பழைய கணக்குதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.